சொன்னது தமிழில், பதிவானது பிரெஞ்சில்: தஞ்ச நேர்காணலையும் அதன் எழுத்துப் பதிவையும் சரிபார்ப்பது

புதுச்சேரியின் உப்பளத்தில் பிரான்சோடு தொடர்பில்லாத தெருவைக் காண்பது கடினம். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அன்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், சொல்தா குடும்பங்களும் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கிறார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த அதே ஊர்களுக்கு 1980களிலிருந்து வேறொரு வழியில் வந்தவர்கள் ஈழத் தமிழர்கள். முதல் கூட்டத்தாருக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரியும். இரண்டாம் கூட்டத்தாரில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கவில்லை. அதனால் பாரிஸின் தஞ்ச அலுவலகங்களில் ஈழத்தவர் வாய்திறந்து பேச, புதுச்சேரி வழிவந்தவர் பிரெஞ்சில் சொல்வது பழகிப்போன காட்சியாயிற்று.

அந்த ஏற்பாட்டில் எங்கே பிழை நுழைகிறது, நுழைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த நாளுக்குள் திருத்துவது ஆகியவற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது. குடியுரிமை நேர்காணல் இதிலிருந்து வேறுபடும் இடமும் கடைசியில் வரும்.

நேர்காணல் அறையில் நடப்பது

பிரான்சில் தஞ்சக் கோரிக்கையை முதலில் தீர்மானிப்பது ஒஃப்ப்ரா என்ற அலுவலகம். 1952இல் ஏற்பட்ட இது பாரிஸுக்குக் கிழக்கே ஃபோந்தனே-சூ-புவாவில் இருக்கிறது. அங்கே மறுக்கப்பட்டால் மேல்முறையீடு மோந்த்ரேயில் உள்ள தேசியத் தஞ்ச நீதிமன்றத்துக்குப் போகும்.

மொழியைத் தேர்ந்தெடுப்பது நேர்காணல் அன்று அல்ல, அதற்கு வெகு முன்பே, பிரெபெக்த்யூரில் கோரிக்கையைப் பதிவு செய்யும்போது. எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள் என்று அங்கே கேட்பார்கள். அப்போது சொல்லும் மொழி மேல்முறையீடு முடியும்வரை உங்களைக் கட்டுப்படுத்தும். மொழித் தேர்வில் தகராறு இருந்தால் அதை மேல்முறையீட்டில்தான் எழுப்ப முடியும். ‘இங்கிலீஷும் கொஞ்சம் தெரியும்’ என்று அவசரத்தில் சொல்லிவிடுவது இங்கே பெரிய ஆபத்து. சித்திரவதையை விவரிக்கப் போகிறவருக்குக் ‘கொஞ்சம்’ தெரிந்த மொழி போதாது.

பதிவுக்குப் பின் ஒஃப்ப்ராவின் படிவத்தைப் பிரெஞ்சில் நிரப்பி 21 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பிரெஞ்சு தெரியாதவர் இதை யாரிடமாவது கொடுத்துத்தான் எழுதுகிறார். எழுதிக் கொடுப்பவர் கேட்டதைக் கேட்டபடி எழுதுபவராகவும் இருக்கலாம், பத்துப் பேருக்கு எழுதிய கதையையே இவருக்கும் எழுதுபவராகவும் இருக்கலாம். படிவத்தில் உள்ளதை ஒரு வரி விடாமல் தமிழில் திரும்பச் சொல்லக் கேட்காமல் கையெழுத்திடக்கூடாது. நேர்காணலில் அதிகாரியின் முன்னால் முதலில் இருப்பது இந்தப் படிவம்தான். பின்னால் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் அவர் இதோடுதான் ஒப்பிடுவார்.

அறையில் மூன்று பேர் இருப்பார்கள்: பாதுகாப்பு அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், விண்ணப்பதாரர். வழக்கறிஞரோ அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் பிரதிநிதியோ உடன் வரலாம், ஆனால் அவர் இறுதியில்தான் கருத்துச் சொல்ல முடியும். பாலியல் வன்முறை போன்றவற்றைச் சொல்ல வேண்டியவர், அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் தன் பாலினத்தவராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். இயன்றவரை அப்படி ஏற்பாடு செய்வார்கள். மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். பாரிஸ் தமிழர் வட்டம் சிறியது, சொன்னது வெளியே போய்விடுமோ என்று அஞ்சிப் பலர் முக்கியமானதை விழுங்கிவிடுகிறார்கள். அவரைத் தெரியும், அவர் முன்னால் பேச முடியாது என்றால், ஆரம்பத்திலேயே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

அதிகாரி பிரெஞ்சில் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார், பதில் தமிழில் வருகிறது, மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொல்கிறார், அதிகாரி அதைக் கணினியில் தட்டுகிறார். கேள்வியும் பதிலுமாக உருவாகும் இந்த எழுத்துப் பதிவுதான் கோப்பில் சேர்வது. ஆகவே அதில் இருப்பது விண்ணப்பதாரர் சொன்ன சொல் அல்ல, மொழிபெயர்ப்பாளர் சொன்னதில் அதிகாரி தட்டிய அளவு. கூடவே ஒலிப்பதிவும் ஓடிக்கொண்டிருக்கும். 2015 ஜூலை 29ஆம் நாள் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. தமிழில் என்ன சொல்லப்பட்டது என்பதற்குச் சாட்சி இந்த ஒலிப்பதிவு ஒன்றுதான்.

எந்த இடத்தில் தமிழ் வழுக்குகிறது

தமிழ் ஒன்றுதான். ஆனால் யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் பேசும் தமிழை, புதுச்சேரியிலோ சென்னையிலோ வளர்ந்த காது எப்போதும் அதே பொருளில் எடுத்துக்கொள்வதில்லை. பல ஆண்டு அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் இவற்றை உடனே பிடித்துவிடுவார். புதிதாக வந்தவர் தடுமாறுவார், தடுமாறியது அவருக்கே தெரியாமலும் போகும்.

ஒரு கற்பனை உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். கிளிநொச்சி இளைஞர் ஒருவர் இப்படிச் சொல்கிறார்: “ஆவணி அஞ்சாம் திகதி ஆமி வந்தவை. அண்ணையைக் கொண்டு போனவை. பேந்து நாலாம் மாடியில ரெண்டு கிழமை வச்சிருந்தவை.”

முதல் பிரச்சினை தேதி. ஈழத்தில் தை, மாசி, பங்குனி என்ற பெயர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களையே குறிக்கின்றன. நவம்பர் 27 மாவீரர் நாளை அவர்கள் கார்த்திகை 27 என்று சொல்வது இதனால்தான். ஆக அந்த இளைஞருக்கு ஆவணி அஞ்சு என்பது ஆகஸ்ட் 5. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் ஆவணி பிறப்பதே ஆகஸ்ட் 17 வாக்கில். அந்தக் கணக்கில் மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னால் பதிவில் ஏறுவது ஆகஸ்ட் 21. படிவத்திலோ ஆகஸ்ட் 5 இருக்கிறது. பதினாறு நாள் வித்தியாசம், அதுவும் கைது நடந்த நாளில்.

இரண்டாவது அண்ணை. அது கூடப்பிறந்தவராக இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். நமக்கு இருவரும் அண்ணன்தான். பிரெஞ்சில் ஒருவர் சகோதரர், மற்றவர் வேறு உறவு. படிவத்தின் குடும்ப விவரத்தில் கூடப்பிறந்த அண்ணன் இல்லாதபோது, பதிவில் ‘என் சகோதரரைக் கொண்டு போனார்கள்’ என்று இருந்தால், இல்லாத சகோதரரைப் பற்றிப் பேசுகிறார் என்ற சந்தேகம் எழும்.

மூன்றாவது நாலாம் மாடி. கொழும்பில் குற்றப்புலனாய்வுப் பிரிவின் விசாரணை இடத்துக்கு இலங்கைத் தமிழர் வைத்திருக்கும் பெயர் அது. வெறும் ‘நான்காவது தளம்’ என்று பதிவானால் எந்தக் கட்டடம், யார் பிடித்து வைத்தது என்பதெல்லாம் மறைந்துவிடும். இதே வகையில் புனர்வாழ்வு என்பது முன்னாள் போராளிகளை அடைத்து வைத்த முகாம்களைக் குறிக்கும், ஆனால் பிரெஞ்சில் அது மருத்துவச் சிகிச்சை போல ஒலிக்கும். ‘கிழமைக்கு ஒருக்கா கையெழுத்துப் போடப் போறனான்’ என்றால் இராணுவ முகாமிலோ பொலிஸிலோ வாரம் ஒருமுறை ஆஜராகிறார் என்று பொருள். ஏதோ ஒரு காகிதத்தில் கையொப்பமிட்டார் என்று பதிவானால் கண்காணிப்பில் இருந்தார் என்ற உண்மையே தொலைந்துவிடும்.

நான்காவது கிழமை. ஈழத்தில் ரெண்டு கிழமை என்றால் இரண்டு வாரம். நமக்குக் கிழமை என்பது வாரத்தின் நாள். இரண்டு வாரச் சிறைவாசம் இரண்டு நாளாகச் சுருங்கும் வாய்ப்பு இங்கே இருக்கிறது.

வினைமுற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘அவர் என்னை அடிச்சவர்’ என்று ஈழத்தவர் சொன்னால் அவர் என்னை அடித்தார் என்று அர்த்தம். நம் காதில் ‘என்னை அடித்தவர் அவர்தான்’ என்று விழும். அப்படி மொழிபெயர்த்தால் அடையாளம் தெரிந்த ஒரு நபரைச் சுட்டிக் காட்டியதாக ஆகிவிடும். அடுத்த கேள்வி ‘அவர் பெயர் என்ன?’ என்று வரும். தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் முரண்பாடாகப் பதிவாகும். தவிர, எழுவாயை விட்டுப் பேசுவது தமிழர் எல்லாருக்கும் பழக்கம். ‘வந்தாங்க, பிடிச்சிட்டுப் போனாங்க’ என்பதில் வந்தது ஆமியா, பொலிஸா, இயக்கமா, துணைப்படையா என்று இல்லை. பிரெஞ்சில் எழுவாய் வேண்டும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் தானாக ஒன்றைப் போட்டுவிடக்கூடும்.

இதற்கெல்லாம் மருந்து விண்ணப்பதாரரின் கையில் இருக்கிறது. மாதத்தை ஆகஸ்ட், நவம்பர் என்றே சொல்வது. உறவை ‘பெரியப்பாவின் மகன்’, ‘அம்மாவின் தம்பி’ என்று பிரித்துச் சொல்வது. காலத்தை வாரம், நாள் என்று சொல்வது. யார் செய்தது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்வது. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவது, ஏனென்றால் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கித்தான் சொல்வார். பதில் நீளமாகச் சொல்லி, பிரெஞ்சில் அது ஒரு வரியாக முடிந்தால், சந்தேகப்பட வேண்டும். அதிகாரியின் அடுத்த கேள்வி சொன்னதோடு ஒட்டாமல் வந்தாலும், முன்பே பதில் சொன்னதை மீண்டும் கேட்டாலும், எங்கோ தவறிவிட்டது என்று பொருள்.

அப்போது அங்கேயே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ‘மொழிபெயர்ப்பாளரைப் புரிகிறதா?’ என்று அதிகாரி கேட்பார். மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லி வைப்பது நம் வழக்கம். அந்த ஆமாம் பதிவில் ஏறி, பின்னால் எழும் ஒவ்வொரு குறைக்கும் எதிராக நிற்கும். இடையில் புரியாமல் போனால், ‘இதை மொழிபெயர்த்தது சரியில்லை, மறுபடி சொல்கிறேன்’ என்று அதிகாரியைப் பார்த்துச் சொல்வது மொழிபெயர்ப்பாளருக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. இறுதியில் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்கும்போதும் இதைச் சொல்லலாம்.

பதிவைச் சரிபார்க்கும் மாதம்

நாட்டுக்கு நாடு முறை வேறுபடுகிறது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பதிவைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அங்கே பிழையை அப்போதே சொல்லித் திருத்தலாம், சொல்லாமல் கையெழுத்திட்டால் பின்னால் மறுப்பது கடினம். பிரிட்டனில் முதன்மை நேர்காணலுக்குப் பின் திருத்தங்களை அனுப்ப ஐந்து வேலை நாள் தரும் வழக்கம் உள்ளது. கனடாவில் மொஹம்மதியான் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் ஒரு விதியை உறுதி செய்தது: மொழிபெயர்ப்பு இடைவிடாததாகவும் துல்லியமாகவும் நடுநிலையாகவும் இருக்க வேண்டும், அதில் குறை இருந்தால் முதல் வாய்ப்பிலேயே ஆட்சேபிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்பு பாதகமான பிறகு சொன்னால் எடுபடாது.

பிரான்சில் பதிவைத் திரும்ப வாசித்துக் காட்டும் வழக்கம் இல்லை. அங்கே சரிபார்ப்பு முழுவதும் விண்ணப்பதாரரின் முயற்சியில்தான் நடக்கிறது. எழுத்துப் பதிவைத் தீர்ப்புக்கு முன்பே கேட்டு வாங்கும் உரிமை உண்டு, விரைவு நடைமுறையில் மட்டும் தீர்ப்போடு தரலாம். நேர்காணல் முடிந்த வாரத்திலேயே எழுதிக் கேட்பது நல்லது. பிழை இருந்தால் முடிவு எழுதப்படுவதற்கு முன்பே திருத்தக் கடிதம் அனுப்ப முடியும். ஒலிப்பதிவு அப்படி அல்ல. மறுப்பு வந்த பிறகு, மேல்முறையீட்டுக்காக மட்டுமே, பாதுகாக்கப்பட்ட முறையில் அதைக் கேட்கலாம். அதைப் பரப்புவது குற்றம். இயந்திரக் கோளாறால் ஒலிப்பதிவே இல்லை என்றால், எழுத்துப் பதிவின் மீது கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம். அரசுச் செலவில் வழக்கறிஞர் வேண்டுமானால் 15 நாளுக்குள் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்புக் குறையையும் இந்தக் காலத்துக்குள் எழுப்பியாக வேண்டும். மொழிபெயர்ப்பு இல்லாததாலோ தவறியதாலோ தன்னைப் புரிய வைக்கவே முடியவில்லை, அது ஒஃப்ப்ராவின் பொறுப்பு என்று நிரூபித்தால், நீதிமன்றம் முடிவை ரத்து செய்து மீண்டும் நேர்காணலுக்கு அனுப்பலாம். இது அரிதாகக் கிடைக்கும் தீர்வு. பெரும்பாலான பிழைகள் இந்த அளவுக்குப் போவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, முரண்பாடு விண்ணப்பதாரருடையது அல்ல என்று நீதிபதிக்குத் தெளிவுபடுத்துவதே நடைமுறை வழி.

அதற்கான வேலை இப்படி இருக்க வேண்டும். முதலில் மறுப்புக் கடிதத்தை எடுத்து, நம்பகத்தன்மைக்கு எதிராகச் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் எண்ணிட வேண்டும். எழுத்துப் பதிவில் அந்தக் காரணம் எந்தப் பக்கத்தின் எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்று தேட வேண்டும். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் அந்தப் பகுதியைத் தமிழில் சொல்ல, விண்ணப்பதாரர் கேட்க வேண்டும். சந்தேகமான இடங்களில் ஒலிப்பதிவில் அதே கேள்வியைக் கண்டுபிடித்து, நிமிடத்தைக் குறித்து, தமிழில் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். பிறகு சரியான பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டும். நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இதைச் செய்வித்தால் எடை கூடும்.

கிளிநொச்சி இளைஞரின் கோப்பில் இது ஒரு வரியாக வரும். பதிவின் அந்தப் பக்கத்தில் ஆகஸ்ட் 21, ஒலிப்பதிவின் அந்த நிமிடத்தில் ‘ஆவணி அஞ்சாம் திகதி’, இலங்கை வழக்கில் அது ஆகஸ்ட் 5, படிவத்தில் உள்ளதும் அதுவே. நீதிபதிக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ‘மொழிபெயர்ப்பு முழுவதும் மோசம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். பிழையே இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் மீது பழிபோடுவது இன்னும் மோசம், ஒலிப்பதிவை நீதிமன்றமும் கேட்க முடியும். விட்டுப்போன புதிய சம்பவங்களைத் ‘திருத்தம்’ என்ற பெயரில் நுழைக்கவும் கூடாது. அவற்றை ஏன் முன்பு சொல்லவில்லை என்ற காரணத்தோடு தனியாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய புதிய நடைமுறை விதி 2026 ஜூன் 12 முதல் பொருந்துகிறது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வதை அது எல்லா உறுப்பு நாட்டுக்கும் பொதுவாக்குகிறது, தவறான மொழிபெயர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வாய்ப்பையும் வைத்திருக்கிறது. கால வரம்புகள் மாறும் காலம் இது. ஆகவே பிறர் சொன்ன கணக்கை நம்பாமல், கடிதத்தில் அச்சிட்டிருக்கும் கெடுவையே பின்பற்ற வேண்டும்.

குடியுரிமை நேர்காணல் வேறு

புதுச்சேரிக் குடும்பங்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். பிரெஞ்சுக் குடிமகனை மணந்தவர் தூதரகத்தில் கொடுக்கும் விண்ணப்பமானாலும், பிரான்சில் வாழ்ந்து குடியுரிமை கேட்பதானாலும், நேர்காணல் பிரெஞ்சிலேயே நடக்கும். மொழி அறிவே அங்கே சோதிக்கப்படும் பொருள் என்பதால் மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை. அங்கே தமிழில் பதில் சொல்ல உதவி கேட்பதே குறையாகப் பதிவாகும். பிரான்சில் வாழ்ந்து குடியுரிமை கேட்போருக்கு, 2026 ஜனவரி 1 முதல் வேண்டிய மொழித் தகுதி பி1இலிருந்து பி2ஆக உயர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு விலக்கு உண்டு: 50 வயதுக்கு மேல் 20 ஆண்டு, அல்லது 55 வயதுக்கு மேல் 15 ஆண்டு நிரந்தர வதிவாளராக இருந்தவர் தன் மொழியில், மொழிபெயர்ப்பாளரோடு பேசலாம். பிரான்சில் தஞ்சம் பெற்று, பின்னர் குடியுரிமை கேட்கும் ஈழத்தவர் முதல் அறையில் தமிழை விட்டுவிடக் கூடாது, இரண்டாம் அறையில் தமிழை நம்பி இருக்கவும் முடியாது. தஞ்சக் கோப்பில் தவறாக ஏறிய தேதியும் உறவும் பெயரும் பின்வரும் ஒவ்வொரு சான்றிதழிலும் தொடரும் என்பதாலும், முதல் பதிவைச் சரிபார்ப்பது முக்கியம்.

யாருடைய பொறுப்பு

பிழையின்றிப் பேசும் பாரத்தை முழுவதுமாக விண்ணப்பதாரர் மீது போடுவது நியாயமல்ல. அடிபட்டு, ஓடிவந்து, அதிகாரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இலக்கணம் பார்த்துப் பேச முடியாது. பதிவைத் திரும்ப வாசித்துக் காட்டும் ஜெர்மானிய, சுவிஸ் முறைக்கு நேரம் பிடிக்கும், ஆனால் பிழை பிறந்த அறையிலேயே அதைத் திருத்தும் ஒரே முறை அதுதான். ஒலிப்பதிவு அதற்கு மாற்று ஆகாது, அது மறுப்புக்குப் பிறகே கைக்கு வருகிறது. பிரான்சும் பதிவைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும்.

அதுவரை இந்த ஊர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு படித்துப் பாரிஸ் போய் மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்துகொள்ளும் நம் பிள்ளைகள், அறைக்குள் போகும் முன் ஈழத் தமிழைக் கற்றுக்கொள்ள வேண்டும். மாதப் பெயரும், உறவுமுறையும், கைது இடங்களின் பெயரும் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. தெரியாத சொல் வந்தால் ஊகிக்காமல், ‘இதன் பொருளை அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும். பிரான்சில் உறவினரோ நண்பரோ தஞ்சம் கேட்டிருந்தால், நேர்காணல் எப்படிப் போயிற்று என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எழுத்துப் பதிவைக் கேட்டு வாங்கினாயா, தமிழில் யாரையாவது வாசிக்கச் சொன்னாயா, மறுப்பு வந்தால் ஒரு மாதக் கெடு எந்த நாளில் முடிகிறது என்று இந்த மூன்றையும் கேளுங்கள்.